மூன்றரை அடித் தூரம்

கொல்லிமலையில் தை பிறந்து காபிப் பறிப்பு ஏறக்குறைய ஓய்ந்ததும், சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளில் சரத்துக்கு ஒன்றிரண்டு மணிகள் சிவக்கத் தொடங்கும். அந்தச் சிவப்பைக் கண்டதும் தோட்டங்களில் ஏணிகள் வெளியே வரும். காலை எட்டு மணிக்கு மரமேறியவர்கள் மாலை ஐந்து மணிக்குச் சாக்குகளோடு எடை போடும் கொட்டகைக்கு வந்து சேருவார்கள். தராசுக்கு எதிரே தேநீர்க் குவளையோடு அமர்ந்து அவர்கள் பேசும் அந்த அரைமணி நேரப் பேச்சைத்தான், என் உத்தியோகத்தின் பிற்காலத்தில், நான் மிகுந்த கவனத்தோடு கேட்டு வந்தேன். சமவெளியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாழவந்தி நாட்டில் பத்து ஏக்கருக்கும் குறைவான நிலமுடைய சிறு தோட்டக்காரர்கள் சிலர் கூடிக் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பறிப்புக் காலங்களில் அவர்களுடைய தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து வரும் பொறுப்பை ஏற்றிருந்தேன்.

2014 ஜனவரி 21-ஆம் தேதி மாலை, அந்தக் கொட்டகையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பறிப்பாளர் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னதை அன்றிரவே என் குறிப்பேட்டில் சொன்னபடியே எழுதி வைத்தேன்.

“பெரிய கண்டம் சார் இன்னிக்கு. நம்ம பையன் இருக்கானே, சொன்னா எங்க கேக்குறான், புது ஏணிய நிப்பாட்டுன வாக்குலயே தூக்கிக்கிட்டு மேக்கால போயிட்டான். மேல கரண்டுக் கம்பி போகுது, பாக்கவே இல்ல. ஒரு முழங்கூட இல்லியாம். நாந்தான் கத்துனேன், டேய் கம்பிடான்னு. எட்டுக்கை அம்மன்தான் காப்பாத்துச்சு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம் சார்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபது வயதிருக்கும். மேஸ்திரி ஒரு வசவோடு விஷயத்தை முடித்துவிட்டு அடுத்த சாக்கைத் தராசில் ஏற்றினார். பதினோராயிரம் வோல்ட் ஓடும் கம்பிக்கு அருகே, உச்சி முதல் அடி வரை அலுமினியத்தாலான ஓர் ஏணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் நடந்து போயிருக்கிறான் என்ற செய்தி, ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் பேசித் தீர்ந்துவிட்டது. குடகு மலைத் தோட்டங்களில் இதே விதமாக, மிளகுக்காக எடுத்துச் சென்ற அலுமினிய ஏணி கம்பியில் பட்டு உயிரிழந்தவர்கள் பலர் உண்டு என்பதை நான் அறிந்திருந்தபடியால், அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை.

இத்தகைய சம்பவத்துக்குத் தொழிற்சாலைகளில் ‘நியர் மிஸ்’ என்று பெயர். மலையில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. ‘தப்பிச்சது’ என்பார்கள், அவ்வளவுதான். அன்றைய சட்டத்திலும் அதற்கு இடம் சுருக்கமாகவே இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காயமடைந்தவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர இயலாதபோது அறிவிக்கச் சொன்னது. காயமே இல்லாவிடினும் சில வகையான அபாய நிகழ்ச்சிகளைத் தெரிவிக்கச் சொன்னது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ ஐந்து ஹெக்டேர் பரப்பும் பதினைந்து தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களிலிருந்துதான் தொடங்கியது. ஆகவே எங்கள் சிறு தோட்டங்களில் ஒருவன் சாகாமல் தப்பியதை எழுதி வைக்கும்படி எவரும் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை.

அதை எப்படி எழுதக் கூடாது என்பதை நான் சமவெளியில் ஒரு தொழிலாளியின் செலவில் கற்றுக்கொண்டேன். உத்தியோகத்தில் சேர்ந்த மூன்றாம் வருஷம், தலைக்கு மேல் பளு தூக்கிச் செல்லும் கிரேனின் கொக்கியிலிருந்து ஓர் இரும்புச் சட்டம் நழுவி, ஆளில்லாத இடத்தில் விழுந்தது. தூக்குக் கயிற்றைக் கட்டியவரே நேர்மையாக என்னிடம் வந்து சொன்னார். நான் அதை ‘இன்னாரின் கவனக்குறைவால்’ என்று தொடங்கி, அவருடைய பெயரும் எண்ணும் குறித்து, அறிக்கையாக மேலே அனுப்பினேன். அவருக்கு மூன்று நாள் சம்பளமில்லாத தற்காலிக நீக்கம் கிடைத்தது. அறிக்கைகள் போடுவதற்காக வாசலருகே வைத்திருந்த பச்சைப் பெட்டி அதற்குப் பிறகு பதினொரு மாதங்கள் காலியாகவே கிடந்தது. அந்தப் பதினொரு மாதங்களில் அங்கே எதுவும் நழுவவில்லை என்று நம்பும் அளவுக்கு நான் பேதையல்ல. என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள் என்பதே உண்மை. அத்துடன் மற்றொன்றும் பிற்பாடு தெரியவந்தது. அந்தக் கயிற்றின் கண்ணி தேய்ந்திருந்தது. ‘கவனக்குறைவு’ என்று எழுதிய கணமே எனக்குக் காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றியபடியால், கயிற்றை எடுத்துப் பார்க்க வேண்டுமென்ற எண்ணமே எனக்கு எழவில்லை. அந்த மனிதரிடம் நான் மன்னிப்புக் கேட்டது வெகு காலம் கழித்து, அவர் ஓய்வு பெற்ற நாளில்.

இந்த விஷயத்தில் விமானத் துறையார் பட்ட பாடு பெரிது. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்கத் தலைநகரின் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஒரு போயிங் 727 விமானம், ‘இறங்கலாம்’ என்று தரையிலிருந்து வந்த அனுமதியை விமானிகள் ஒருவிதமாகவும் கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாகவும் பொருள் கொண்டதனால், மலையொன்றில் மோதி 92 பேரும் மாண்டனர். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு கம்பெனியின் விமானம் அதே வழியில் அதே குழப்பத்துக்குள்ளாகி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனி தன் விமானிகளை மட்டும் எச்சரித்துவிட்டு நின்றுவிட்டது. பிறர் காதுக்கு அது எட்டவில்லை. அதன் பிறகே, 1976-இல், தண்டிக்கும் அதிகாரமுள்ள துறையிடம் அல்லாமல் நாசா நிறுவனத்திடம் அறிக்கைகளைக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே ஏற்பட்டது. சொல்பவனைத் தண்டிக்கக்கூடியவரிடம் அவன் சொல்லமாட்டான் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட காரியம் அது. அந்த வரலாற்றை நான் படித்தது கிரேன் சம்பவம் நடந்து சில வருஷங்களுக்குப் பின்பு; முன்பே படித்திருக்கலாகாதா என்று பலமுறை வருந்தியிருக்கிறேன்.

கொட்டகைக்குத் திரும்புகிறேன். அன்று மாலை முதலில் செய்யவேண்டியது எழுதுவதன்று. மறுநாள் காலை அந்த மேற்குச் சரிவில் எவரும் ஏணி கொண்டு போகக் கூடாதென்று மேஸ்திரியிடம் சொல்லி உறுதி பெற்றேன். மின்வாரிய லைன்மேனுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். செய்தி எழுதும் ஆர்வத்தில் அபாயத்தை அங்கேயே விட்டுவைத்த அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு குறிப்பேட்டில் அந்தப் பேச்சை எதிரே வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பார்க்கத் தொடங்கினேன். இவ்வகைப் பேச்சைத் துடைத்துவிட்டு வறண்ட வாசகம் ஒன்றை எழுதிவிடுவது சுலபம். தோட்டக்காரர் வீட்டு இளைஞர் ஒருவர் அன்றிரவே கைப்பேசியில் எல்லோருக்கும் அப்படி ஒன்று அனுப்பினார்: இன்று நமது தோட்டத்தில் நடக்கவிருந்த பெரும் விபத்து அதிர்ஷ்டவசமாகத் தவிர்க்கப்பட்டது, மின்கம்பி அருகே அனைவரும் கவனமாகப் பணிபுரியவும் என்று. நல்லெண்ணத்தோடு அனுப்பியதுதான். ஆனால் எந்தக் கம்பி, எந்த ஏணி, எவ்வளவு தூரம், எதனால் நின்றது என்று எதுவும் அதில் இல்லை; மறுநாள் அந்தச் சரிவில் ஏணியோடு நிற்பவனுக்கு அது கொடுப்பது ஒரு பயத்தை மட்டுமே. கிழவரின் பேச்சிலோ வசவுகளுக்கு நடுவே விஷயம் நிறைந்திருந்தது. புது ஏணி என்றார், நிறுத்தியபடியே தூக்கிப் போனான் என்றார், மேற்கே என்று திசை சொன்னார், தூரம் சொன்னார்.

நம் பாஷையில் பழி என்பது தனிச் சொற்களில் மட்டும் இருப்பதில்லை. ‘போனான்’ என்பதற்கும் ‘போயிட்டான்’ என்பதற்கும் இடையில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. ‘பார்க்கவில்லை’ என்பதற்கும் ‘பார்க்கவே இல்லை’ என்பதற்கும் இடையிலும் அப்படியே. அந்த ‘விட்டான்’களையும் ஏகாரங்களையும் எடுத்துவிட்டால் வாக்கியம் தானாக ஆறிவிடும். ‘இல்லியாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ இன்னும் முக்கியமானது. நாற்பது அடி தள்ளி வேறொரு மரத்தின் மேலிருந்த கிழவர் அந்த ஒரு முழத்தைத் தாமே பார்த்திருக்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அவரும் அதை மறைக்காமல் இலக்கணப்படியே சொல்லியிருக்கிறார். எழுதுபவர்கள்தாம் அந்த ‘ஆம்’ என்பதைத் தவறவிட்டு, கேள்விப்பட்டதைச் சாட்சியமாக்கிவிடுகிறோம்.

அவசரம், சொன்னால் கேட்பதில்லை, இந்தக் காலத்துப் பசங்கள் ஆகிய சொற்களை வெறுமனே அடித்துவிடுவதில் பயனில்லை. ஒருவன் அலட்சியமாக நடந்தான் என்று பேச்சில் வரும் இடம், அநேகமாக, சொல்பவருக்குக் காரணம் தெரியாத இடம். அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு மறுநாள் அந்த இடத்துக்குப் போகவேண்டும். ‘அம்மன் காப்பாற்றினாள்’ என்பதும் அப்படியே. கொல்லிமலைவாசிகளின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனாலும் எதனால் ஏணி நின்றது என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் திறந்தபடி கிடந்தது.

மறுநாள் காலை பையனைத் தனியே அழைத்துக்கொண்டு மேற்குச் சரிவுக்குப் போனேன். ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்டால் மனிதன் சமாதானம் சொல்லத் தொடங்குவான் என்பது என் அனுபவம். ஆகவே ‘இங்கே நின்றபோது என்ன தெரிந்தது? அப்புறம்?’ என்று மட்டும் கேட்டேன். ஏணியின் அடி ஊன்றிய குழி ஈரமண்ணில் அப்படியே இருந்தது. அதில் ஒரு முளையை அடித்து, அவன் நின்ற இடத்தில் நானும் நின்று அண்ணாந்து பார்த்தேன். வெயில் ஏறிய ஒன்பது மணிக்கே இரண்டு சில்வர் ஓக் மரங்களின் கிளைகளுக்குப் பின்னால் கம்பி எனக்குப் புலப்படவில்லை. முந்தைய நாள் பனிமூட்டமும் சேர்ந்திருந்தது. ஓரக் கம்பிக்கு நேர் கீழான தரையை, தள்ளி நின்று தூக்குக்குண்டுக் கயிற்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து முளைவரை தரையிலேயே நாடா பிடித்தேன். மூன்றரை அடி இருந்தது. கம்பியின் உயரத்தைக் கழியாலோ ஏணியாலோ அளக்கப் புகுவது இன்னொரு விபத்தைத் தேடிக்கொள்வதாகும். அதை அன்று பகல் லைன்மேன் வந்து தம்முடைய முறைப்படி அளந்து 19 அடி என்றார்.

அந்த உயரத்தில் குற்றம் எதுவும் இல்லை. தெருவல்லாத இடங்களில் 11,000 வோல்ட் வரையிலான திறந்த கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி இருந்தால் போதுமென்று மின்சார விதிகள் கூறுகின்றன. நடந்து போகிறவனை நினைத்து எழுதிய விதி அது. முந்தைய ஆண்டுகளில் அந்தத் தோட்டத்தில் இருந்தது 16 அடி மூங்கில் ஏணி. நிமிர்த்தி, தரையிலிருந்து ஓர் அடி தூக்கிக்கொண்டு நடந்தாலும் அதன் நுனி 17 அடியைத் தாண்டாது. பையன் சென்ற ஆண்டும் அதே வழியில் கம்பிக்கு அடியிலேயே பலமுறை போய்வந்திருக்கிறான், ஒன்றும் நேரவில்லை. மூங்கில் இற்றுப் போனபடியால் இந்த ஆண்டு வாங்கிய அலுமினிய ஏணி 22 அடி. பழைய வழியில் புதிய ஏணி போயிருக்கிறது. மூங்கிலாயிருந்தால் அபாயமில்லை என்று இதற்குப் பொருளல்ல. பனியில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும்.

“படுக்கப்போட்டுக் கொண்டு போகலாமே?” என்ற கேள்வியை நான் கேட்கவில்லை, அவனாகவே அதற்கு வந்தான். “போன வாரம் ஏணிய படுக்கப்போட்டு இழுத்தப்ப காபிச் செடி நாலு கெள முறிஞ்சிருச்சு சார். மேஸ்திரி அண்ணன் சத்தம் போட்டாரு. அதிலருந்து எல்லாரும் நிப்பாட்டித்தான் தூக்குறோம்.” தையில் முறியும் காபிக் கிளை அடுத்த ஆண்டின் காய்ப்பைக் கொண்டுபோய்விடும் என்பது மலையில் குழந்தைக்கும் தெரியும். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிற ஆள், செடியை முறிக்காமலும் மரத்துக்கு மரம் காலத்தை இழக்காமலும் போக, ஏணியை நிமிர்த்தித் தூக்குவதைத் தவிர அந்த நெருக்கமான வரிசைகளில் வேறு உபாயம் இருக்கவில்லை. கிழவர் சொன்ன ‘அவசரம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனையும் இருந்தது.

அன்று மாலை முதற்படியை எழுதினேன். அதை எவர் கண்ணிலும் காட்டுமுன் பையனிடமே வாசித்துக் காட்டினேன். எட்டுப் பேர் பறிக்கும் ஒரு தோட்டத்தில் பெயரை மறைப்பதென்பது பாவனையே ஆகும். ‘பறிப்பாளர் ஒருவர்’ என்று எழுதினாலும் யாரென்று எல்லோருக்கும் தெரியும். பெரிய தொழிற்சாலையில் பெயரின்மை தரும் காப்பை இங்கே சம்பந்தப்பட்டவனின் சம்மதம்தான் தர முடியும். சக பறிப்பாளர் எச்சரித்ததால் ஏணி நின்றது என்ற வரிக்கு வந்தபோது அவன் தயங்கினான்.

“தாத்தா கத்துனாரு சார், இல்லேன்னு சொல்லல. ஆனா நான் நின்னது அதுக்கு முன்னாடியே. ஏணி நுனியில இருக்குற கொக்கி மிளகுக் கொடியில மாட்டிக்கிச்சு. அதை உருவலாம்னு அண்ணாந்தப்பதான் சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் கம்பியப் பாத்தேன்.”

பெரியவரின் பெருமையைக் குறைக்க மனமில்லாமல் அவன் கொட்டகையில் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு திருத்தத்தால் செய்தியின் பொருளே மாறிவிட்டது. சக தொழிலாளியின் விழிப்பு அங்கே ஒரு காவலாக வேலை செய்தது என்று எழுதியிருந்தால், ‘ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற உபதேசத்தோடு காரியம் முடிந்திருக்கும். ஏணியை நிறுத்தியதோ ஒரு கொடி. கொக்கி சிக்காதிருந்தால் இன்னும் இரண்டு எட்டு. கிழவரிடம் போய்ப் பக்குவமாகக் கேட்டேன். “நான் கத்துனேன், அவன் நின்னான், அதான் எனக்குத் தெரிஞ்சது” என்றார். இரண்டையும் அவரவர் வாக்காகவே எழுதிவைத்தேன். யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலையல்ல.

இவ்வாறு உருவான செய்தி ஒரு பக்கத்துக்குள் அடங்கியது:

“ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை காலை சுமார் 9 மணிக்கு, மேற்குச் சரிவில் பறிப்பாளர் ஒருவர் 22 அடி அலுமினிய ஏணியை நிமிர்ந்த நிலையில் அடுத்த மரத்துக்கு எடுத்துச் சென்றார். வழியின் குறுக்கே 11,000 வோல்ட் மின்கம்பி 19 அடி உயரத்தில் செல்கிறது. ஏணி கம்பிக்கு முன்பாக நின்றது. நின்ற இடத்தில் ஏணியின் அடிக்கும், ஓரக் கம்பிக்கு நேர் கீழான தரைக்கும் இடையே மூன்றரை அடி. நுனிக்கும் கம்பிக்கும் இருந்த தூரம் அளக்கப்படவில்லை. யாருக்கும் காயமில்லை.

“ஏணியின் கொக்கி மிளகுக் கொடியில் சிக்கியதால் நின்றதாக ஏணியை எடுத்துச் சென்றவர் கூறுகிறார். தாம் சத்தமிட்டதும் ஏணி நின்றதாக, 40 அடி தள்ளி மரத்திலிருந்தவர் கூறுகிறார். ஏணி கம்பியை நெருங்காமல் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அவ்விடத்தில் இருக்கவில்லை.

“அப்போது பனிமூட்டம் இருந்தது. நிற்கும் இடத்திலிருந்து பார்க்கக் கம்பியை மரக்கிளைகள் மறைக்கின்றன. சென்ற ஆண்டு இதே வழியில் பயன்பட்ட ஏணி 16 அடி. காபிக் கிளைகள் முறியக் கூடாதென்ற அறிவுறுத்தலுக்குப் பின், ஏணிகளை எல்லோரும் நிமிர்த்தியே எடுத்துச் செல்கிறார்கள்.

“கம்பியின் இருபுறமும் 25 அடிக்குள் இருக்கும் 7 மரங்களில் சிவப்புத் துணி கட்டப்பட்டுள்ளது. அந்த மரங்களில் பறிப்பு நிறுத்தப்பட்டுள்ளது. மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தித் தரும் நாளில் அவற்றில் பறிப்பு நடைபெறும். கிளைகளும் அன்று வெட்டப்படும்.”

இருபத்தைந்து அடி எதற்கென்று தோட்டக்காரர் கேட்டார். மின்கம்பியிலிருந்து பத்தடி விலகி நிற்கவேண்டுமென்று அமெரிக்க விதிகள் சொல்லுகின்றன. ஆனால் 22 அடி ஏணி கைநழுவிச் சாய்ந்தால் 22 அடியும் எட்டும். சரிவான நிலத்தில் ஈரமண்ணில் சாயாத ஏணியை நான் பார்த்ததில்லை. நுனியின் தூரத்தை அளக்கவில்லை என்று எழுதுவானேன் என்றும் கேட்டார். நிமிர்த்திப் பிடித்த ஏணி நடக்கையில் முன்னும் பின்னும் ஆடும். அடியில் மூன்றரை அடி இருந்தது என்பதால் நுனியிலும் அவ்வளவே இருந்ததென்று படிப்பவர் நினைத்துவிடலாகாது. பேச்சில் வந்த ஒரு முழத்தை எழுதாமல் விட்டதும் அதனால்தான். அதைக் கண்ணால் கண்டவர் எவரும் அகப்படவில்லை.

பழி கூறாத செய்தி என்றதும், எதைச் செய்தாலும் மன்னிப்பு என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. குடித்துவிட்டு ஏணியில் ஏறியவனையும், கட்டிய சிவப்புத் துணியை அறிந்தே அவிழ்த்தவனையும் இப்படி எழுதி விட்டுவிட முடியாது. அவை தனியே, வேறு முறையில், முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே அமர்ந்து பேசவேண்டியவை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளில் என் கைக்கு வந்த சம்பவங்களில் அப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. எஞ்சியவற்றில் எல்லாம் நல்ல வேலைக்காரன் வழக்கமான வேலையை வழக்கமான விதத்தில் செய்திருந்தான். மாறியிருந்தது ஏணியின் நீளத்தைப் போன்ற ஏதாவது ஒன்று.

நான் எதிர்பாராத சங்கடம் மேஸ்திரியிடமிருந்து வந்தது. செய்தியை 22-ஆம் தேதி இரவு அவர் கையில் கொடுத்தேன். மூன்றாவது பத்தியை இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது. “அப்ப குத்தம் எம்மேலங்களா?” என்றார். பையன் தலையிலிருந்த பாரத்தை இறக்கி, அதை அப்படியே இவர் தலையில் நான் வைத்திருந்தேன். அறிவுறுத்தல் என்று பொதுவாக எழுதியும், அதைச் சொன்னவர் யாரென்று தோட்டம் முழுவதும் அறியும். அந்த வரியை எடுத்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார். எடுத்துவிட்டால், நிமிர்த்தித் தூக்கியது பையனுடைய விருப்பம் என்று ஆகிவிடும், செய்தி பொய்யாகும். விட்டால் இந்த மனிதர் இனி எதையும் என் காதில் போடமாட்டார்.

வெகுநேரம் பேசினோம். சென்ற ஆண்டு முறிந்த கிளைகளுக்காகத் தோட்டக்காரர் அவரைக் கடிந்துகொண்டதையும், அதனால் இந்த ஆண்டு தாம் கண்டிப்பாக இருக்க நேர்ந்ததையும் அவர் சொன்னார். அதுவும் ஒரு தகவல்தான் என்று எனக்குப் பட்டது. வரியை எடுக்காமல், ‘தையில் முறியும் கிளையால் அடுத்த ஆண்டுக் காய்ப்புக் குறையும் என்பதால் அந்த அறிவுறுத்தல் கொடுக்கப்பட்டது’ என்று அதற்கு முன்னால் சேர்த்தேன். ஓர் உத்தரவுக்குப் பின்னாலிருந்த நியாயத்தை எழுதியதும், அது குற்றச்சாட்டாக ஒலிப்பது நின்றுவிட்டது. மேஸ்திரி மறுபடியும் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

23-ஆம் தேதி காலை, பேர் பதியும் இடத்தில், எட்டுப் பேருக்கும் அதை மேஸ்திரியே வாசித்தார். கடைசியில் அவர் தம் கைப்படச் சேர்த்திருந்த வரியை, நான் எழுதியவற்றைவிடச் சற்று உரக்கவே வாசித்தார்: எட்டு வரிசைக்கு ஒரு வரிசையில் காபிச் செடியைக் கவாத்துச் செய்து, ஏணியைப் படுக்கையாக எடுத்துச் செல்ல வழி விடப்படும், அந்த வழியில் முறியும் கிளைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.